விலை மலிந்தால் இரட்டிப்பாக வாங்கலாமா?

மாதாமாதம் 10ஆம் தேதி வங்கிக் கணக்கிலிருந்து 5,000 ரூபாய் தானாகக் கழிந்து, நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில் போய்ச் சேர்கிறது. எஸ்ஐபி போடுகிறவர்களில் பெரும்பாலோர் இதற்கு மேல் எதுவும் செய்வதில்லை. சிலருக்கு மட்டும் ஒரு கேள்வி எழும். சந்தை மலிவாக இருக்கும் மாதத்தில் 5,000க்குப் பதில் 10,000 போட்டால் இன்னும் நன்றாக இருக்காதா?

இருக்கும். ஆனால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்பதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

மலிவா, விலை அதிகமா என்று அறிய முதலீட்டாளர்கள் வழக்கமாகப் பார்ப்பது பி.இ. விகிதம். குறியீட்டில் உள்ள 50 நிறுவனங்களும் கடந்த நான்கு காலாண்டுகளில் ஈட்டிய ஒவ்வொரு ரூபாய் லாபத்துக்கும் சந்தை இன்று எத்தனை ரூபாய் விலை கொடுக்கிறது என்பதே அது. தேசியப் பங்குச் சந்தை இந்த எண்ணை ஒவ்வொரு வர்த்தக நாளும் வெளியிடுகிறது.

கணக்குக்கு 2020ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். கூடுதலாக வாங்கும் முறைக்கு அதைவிடச் சாதகமான ஆண்டு அண்மையில் வேறில்லை. ஜனவரியில் 12,000க்கு மேல் இருந்த நிஃப்டி, மார்ச் 23ஆம் தேதி ஒரே நாளில் 13 சதவீதம் சரிந்து 7,610இல் முடிந்தது. டிசம்பர் கடைசி நாளில் அதே நிஃப்டி கிட்டத்தட்ட 13,980.

இரண்டு பேர் எஸ்ஐபி போடுகிறார்கள். இருவருக்கும் 10ஆம் தேதி. அன்று சந்தை விடுமுறை என்றால் அடுத்த வர்த்தக நாள். ஒரு யூனிட்டின் விலை நிஃப்டியில் நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் பன்னிரண்டு மாதமும் 5,000 போடுகிறார். இரண்டாமவரும் அப்படியே, ஆனால் பி.இ. 22க்குக் கீழே போன மாதத்தில் 10,000. மார்ச் 10 ஹோலி விடுமுறை என்பதால் வாங்கியது 11ஆம் தேதி. அன்று நிஃப்டி சுமார் 10,450, பி.இ. இன்னும் 22க்கு மேலேதான். ஏப்ரல் 10 புனித வெள்ளி. 13ஆம் தேதி வாங்கும்போது நிஃப்டி சுமார் 9,000க்கு மீண்டுவிட்டது. ஆக, மார்ச் 23இன் அடிமட்ட விலை இருவருக்கும் கிடைக்கவில்லை. மாதம் ஒருமுறை எட்டிப் பார்க்கிறவருக்குச் சந்தையின் பாதாளம் கண்ணில் படுவது அபூர்வம். இரண்டாமவருக்கு இரட்டிப்பாக வாங்கக் கிடைத்தவை ஏப்ரல், மே ஆகிய இரண்டே மாதங்கள்.

ஆண்டு முடிவில் முதலாமவர் 60,000 ரூபாய்க்குச் சுமார் 542 யூனிட் வைத்திருந்தார். சராசரி விலை 110 ரூபாய் 60 பைசா. அவர் வாங்கிய பன்னிரண்டு நாள்களின் விலையைக் கூட்டி வகுத்தால் 112க்குச் சற்று மேல் வருகிறது. அதைவிடக் குறைவாகவே அவருக்குக் கிடைத்திருக்கிறது. காரணம் எளிது: தொகை மாறாதபோது விலை இறங்கிய மாதத்தில் யூனிட் தானாகவே கூடுதலாகக் கிடைக்கும். ஜனவரியில் 41 யூனிட் கொடுத்த அதே 5,000, ஏப்ரலில் 55க்கு மேல் கொடுத்தது. நிலையான எஸ்ஐபிக்குள்ளேயே ‘மலிந்தால் கூடுதல்’ என்ற குணம் ஓரளவு இருக்கிறது. பலர் இதைக் கவனிப்பதில்லை.

இரண்டாமவரிடம் 70,000 ரூபாய்க்கு 652 யூனிட். சராசரி விலை 107 ரூபாய் 34 பைசா. இது நிச்சயம் மேல். ஆனால் அவர் போட்ட பணமும் 10,000 அதிகம். நியாயமாக ஒப்பிட வேண்டுமானால் முதலாமவரும் அதே 70,000ஐப் பன்னிரண்டு சம பங்காகப் போட்டிருக்க வேண்டும். அப்படிப் போட்டிருந்தால் அவரிடம் 633 யூனிட் இருந்திருக்கும். வித்தியாசம் 19 யூனிட். டிசம்பர் கடைசி விலையில் சுமார் 2,700 ரூபாய். இத்தனை பெரிய சரிவும் மீட்சியும் ஒன்றாக வந்த ஆண்டிலேயே லாபம் இவ்வளவுதான்.

இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது. அந்தக் கூடுதல் 10,000 எங்கிருந்து வந்தது? மலிவான நேரம் பெரும்பாலும் கெட்ட நேரம். 2020 ஏப்ரலில் ஊரடங்கு. பலருக்குச் சம்பளம் குறைந்தது, சிலருக்கு வேலையே போனது. அப்போது புதிதாகப் பணம் புரட்ட முடியாது. முன்கூட்டியே ஒதுக்கி, லிக்விட் ஃபண்டிலோ சேமிப்புக் கணக்கிலோ வைத்திருந்தவரால்தான் முடியும். எனவே காத்திருந்த பணத்தையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். ஃபண்டுக்குள் போன பணத்துக்கு மட்டும் ஆண்டு வருமான விகிதம் பார்த்தால் இந்த முறை எப்போதும் அழகாகவே தெரியும். வெளியே சும்மா கிடந்த பணம் அந்த விகிதத்தில் வரவே வராது.

அந்தக் காத்திருப்பு எவ்வளவு நீளும்? 2017 பிப்ரவரி தொடங்கி 2020 மார்ச் சரிவு வரை நிஃப்டியின் பி.இ. 22க்குக் கீழே வரவில்லை. மூன்று ஆண்டுகள்! 2017 பிப்ரவரி 10 அன்று ‘விலை அதிகம்’ என்று ஒருவர் ஒதுக்கி வைத்தபோது நிஃப்டி சுமார் 8,790. 2020 ஏப்ரல் 13 அன்று ‘மலிவு’ என்று அவர் வாங்கியபோது சுமார் 8,990. அதிகமான விலைதான் குறைவாக இருந்தது. இடைப்பட்ட காலத்தில் நிறுவனங்களின் லாபம் வளர்ந்ததால் பி.இ. இறங்கிவிட்டது, விலை இறங்கவில்லை. 2018, 2019இல், நிஃப்டி 10,000க்கும் 12,000க்கும் இடையே இருந்தபோது ஒதுக்கிய பணத்துக்கு மட்டும் காத்திருந்ததில் நல்ல பலன் கிடைத்தது. அதுவும் ஒரு பெருந்தொற்று வந்ததால். அது வராமல் போயிருந்தால் எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்திருக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது.

அளவுகோலையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2021 தொடக்கத்தில் நிஃப்டியின் பி.இ. 40ஐத் தொட்டது. விலை ஏறியதோடு, ஊரடங்கில் லாபம் படுத்துக்கொண்டதும் காரணம். வகுக்கும் எண் சுருங்கினால் விகிதம் உப்பும். அதைப் பார்த்துப் பயந்து எஸ்ஐபியை நிறுத்தியவர், 15,000 அளவில் இருந்த நிஃப்டி அதே ஆண்டு அக்டோபரில் 18,400ஐத் தாண்டியதை வெளியே நின்று பார்த்திருப்பார்.

2021 மார்ச் கடைசியில் கணக்கிடும் முறையே மாறியது. அதுவரை தாய் நிறுவனத்தின் தனி லாபம் மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டது. ரிலையன்ஸ் என்றால் ஜியோவின் லாபம் அதில் சேராது. அன்றிலிருந்து துணை நிறுவனங்களையும் உள்ளடக்கிய ஒருங்கிணைந்த லாபம். ஒரே இரவில் பி.இ. சுமார் 40இலிருந்து 33க்கு இறங்கியது. பங்குகள் மலியவில்லை, கணக்கு மாறியது. பழைய பட்டியலில் ‘22க்குக் கீழே மலிவு’ என்று படித்தவர் அதே எண்ணை இன்றும் பிடித்துக்கொண்டிருந்தால், சாதாரண மாதங்கள் பலவும் அவருக்கு மலிவாகவே தெரியும். 2021க்கு முந்தைய பி.இ. வரைபடத்தையும் பிந்தையதையும் ஒரே கோட்டில் ஒட்டிக் காட்டும் எவரையும் இந்த விஷயத்தில் நம்பாமல் இருப்பது நல்லது.

இத்தனைக்கும் பிறகு கூடுதல் வாங்க விரும்புகிறவர், அடிப்படை எஸ்ஐபியில் கைவைக்காமல் அதைச் செய்யலாம். 5,000 போடக்கூடியவர் 3,000ஆகக் குறைத்துவிட்டு 2,000ஐச் சரிவுக்காகச் சேர்ப்பதுதான் இந்த முறையின் ஆபத்தான வடிவம். ஏறும் சந்தையில் பணத்தில் கணிசமான பகுதி வெளியே நின்றுவிடும். போனஸ், நிலுவைச் சம்பளம் போன்ற இடைவரவிலிருந்து ஒரு சிறு தொகையை ஒதுக்கலாம். இப்போதைய கணக்கு முறையிலான பி.இ. எண்களை மட்டும் வைத்து எல்லையைத் தீர்மானித்து, எந்த மாதம் எவ்வளவு போடுவது என்பதை முன்பே எழுதி வைக்கலாம். அந்தத் தொகைக்கு ஒரு காலக்கெடுவும் வேண்டும்: ஓராண்டுக்குள் எல்லை தொடப்படாவிட்டால், அது அடுத்த பன்னிரண்டு மாத எஸ்ஐபியோடு பிரித்துச் சேர்க்கப்படும் என்று.