எந்த மாதமானாலும் இரண்டாவது சனி எந்தத் தேதி?

இந்தியாவில் 2015 செப்டம்பர் 1 முதல் எல்லா மாதமும் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் வங்கிகளுக்கு விடுமுறை. மற்ற சனிக்கிழமைகளில் முழு நாள் வேலை. அதனால் ஆண்டு விடுமுறைப் பட்டியல் தயாரிக்கும் ஒவ்வொருவரும் காலண்டரைப் புரட்டி, பன்னிரண்டு மாதத்துக்கும் இரண்டாவது சனியைத் தேடி எழுதுகிறார்கள். எக்செல் தாளில் மாதத்தின் ஏதாவது ஒரு தேதி இருந்தால் போதும், இந்த வேலையை ஒரே ஃபார்முலா முடித்துவிடும்.

அதன் கணக்கு எளிது. மாதத்தின் முதல் ஏழு நாட்களில் ஒவ்வொரு கிழமையும் ஒருமுறை வந்துவிடும். ஆகவே முதல் சனி 7ஆம் தேதியைத் தாண்டாது, இரண்டாவது சனி 8 முதல் 14 வரைக்குள்தான் விழும். அந்த ஏழில் எது என்பதை மாதம் எந்தக் கிழமையில் பிறக்கிறது என்பது தீர்மானிக்கிறது. ஞாயிறுக்கு 1, திங்களுக்கு 2 என்று தொடங்கிச் சனிக்கு 7 என எண் கொடுங்கள். மாதம் பிறந்த கிழமையின் எண்ணை 15இலிருந்து கழித்தால் கிடைப்பதுதான் இரண்டாவது சனியின் தேதி.

2026 அக்டோபர் 1 வியாழக்கிழமை. வியாழனின் எண் 5. பதினைந்தில் ஐந்து போனால் பத்து. அக்டோபர் 10தான் இரண்டாவது சனி.

இதையே எக்செலில் எழுதுவோம். A2 கட்டத்தில் அக்டோபரின் எந்தத் தேதி வேண்டுமானாலும் இருக்கட்டும், உதாரணமாக 23. B2 கட்டத்தில் இப்படி அடியுங்கள்:

```
=A2-DAY(A2)+15-WEEKDAY(A2-DAY(A2)+1)
```

`DAY(A2)` என்பது 23. தேதியிலிருந்து அந்த 23ஐக் கழித்தால் செப்டம்பர் 30 வரும், அதோடு ஒன்று கூட்டினால் அக்டோபர் 1. அந்த நாளின் கிழமை எண்ணை `WEEKDAY` சொல்கிறது. செப்டம்பர் 30இலிருந்து பத்து நாள் முன்னே போனால் விடை வந்துவிடுகிறது. நான்காவது சனி வேண்டுமென்றால் 15க்குப் பதில் 29 போடுங்கள். அக்டோபர் 24 கிடைக்கும்.

விடைக் கட்டத்தில் தேதிக்குப் பதிலாக 46305 என்று ஓர் எண் தெரிந்தால் பயப்பட வேண்டாம். எக்செல் தேதிகளை நாள் எண்ணிக்கையாகத்தான் வைத்திருக்கிறது. கட்டத்தின் வடிவத்தைத் தேதி என மாற்றினால் 10-10-2026 என்று காட்டும். `#VALUE!` என்று வந்தால் A2வில் இருப்பதை எக்செல் தேதியாக ஏற்கவில்லை, வெறும் எழுத்தாக நினைத்துக்கொண்டது என்று பொருள். புள்ளி வைத்து 23.10.2026 என்று அடித்தால் பல கணினிகளில் இப்படித்தான் ஆகும்.

ஆனால் உண்மையிலேயே ஏமாற்றும் தவறு வேறு. திங்கட்கிழமையை முதல் நாளாக வைத்துப் பழகியவர்கள் `WEEKDAY`இல் தேதிக்குப் பின் 2 என்று சேர்ப்பார்கள். அப்போது சனியின் எண் 6, ஞாயிறின் எண் 7 ஆகிவிடும். 15ஐ மாற்றாமல் விட்டால் விடை எப்போதும் ஞாயிற்றுக்கிழமையாக வரும். பார்த்த உடனே பிடிபட்டுவிடும். அதைத் திருத்துவதாக நினைத்து 15ஐ 14 ஆக்குவார்கள். அக்டோபருக்குச் சரியான விடைதான் வரும், நம்பிவிடுவோம். மாதம் ஞாயிறில் பிறந்தால்தான் குட்டு வெளிப்படும். 14இல் 7 போனால் 7. அதாவது இரண்டாவது சனிக்குப் பதில் முதல் சனி. 2026இல் பிப்ரவரி, மார்ச், நவம்பர் மூன்றும் ஞாயிறில் பிறப்பவை. மூன்றிலும் 14ஆம் தேதி வரவேண்டிய இடத்தில் 7 வந்து நிற்கும். விடை சனிக்கிழமையாகவே இருப்பதால் கிழமையை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படாது.

ஆகவே எந்த ஃபார்முலாவையும் இரண்டு மாதங்களில் சோதியுங்கள். 2026 பிப்ரவரிக்கு 14 வரவேண்டும், சனியில் பிறக்கும் 2026 ஆகஸ்ட்டுக்கு 8 வரவேண்டும். இரு எல்லைகளும் சரியாக இருந்தால் இடையில் உள்ளவையும் சரியாக இருக்கும்.

பன்னிரண்டு மாதத்துக்கும் நிரப்ப, A2வில் ஜனவரி 1ஐப் போட்டு, A3இல் `=EDATE(A2,1)` என்று எழுதிக் கீழே இழுங்கள். பக்கத்தில் B2வையும் இழுத்தால் ஆண்டுக்கான பட்டியல் தயார்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பண்டிகை விடுமுறை அதே சனியில் விழுந்தாலும், ஈடு செய்யும் வேலைநாளாக அந்தச் சனியை அலுவலகம் அறிவித்தாலும் ஃபார்முலாவுக்குத் தெரியாது. அவற்றுக்குத் தனியாக ஒரு பத்தி ஒதுக்கி, சுற்றறிக்கையைப் பார்த்துக் கையால் எழுதிக்கொள்ளுங்கள்.