ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க எவ்வளவு செலவிடலாம்?

மாதப் பணம் வாங்கிக்கொண்டு அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் பகல் சாப்பாடு அனுப்பும் தொழிலில் இறங்குவோர் இரண்டு கணக்குகளை வைத்திருக்க வேண்டும். புதிய வாடிக்கையாளர் ஒருவரைப் பிடிக்க ஆகும் செலவு ஒன்று. அவர் நம்மிடம் இருக்கும் காலம் முழுவதும் தரும் இலாபம் மற்றது. இரண்டாவதை அறியாமல் முதலாவதற்கு எல்லை வைக்க முடியாது.

ஓர் உதாரணம் பார்ப்போம். பார்சல் ஒன்று 500 ரூபா. சாமான், எரிவாயு, பெட்டி, கொண்டுபோய்க் கொடுக்கும் கூலி போக 50 ரூபா மிஞ்சுகிறது. மாதம் 22 நாளுக்கு 1,100 ரூபா. பலர் இதைப் பன்னிரண்டால் பெருக்கி, ஒருவரால் 13,200 ரூபா கிடைக்கும் என்று எண்ணிவிடுகிறார்கள். ஆனால் எல்லோரும் ஒரு வருடம் நிற்பதில்லை.

ஒரே மாதத்தில் சேர்ந்த 100 பேரைத் தனிப் பக்கத்தில் எழுதி, மாதந்தோறும் பணம் கட்டியவர்களை எண்ணுங்கள். முதல் மாதம் 100, பிறகு 60, 45, 36, 30, 29 என்று குறைந்தால் ஆறு மாதத்தில் மொத்தம் 300 கட்டணங்கள். அதாவது ஆளுக்கு மூன்று மாதம்; இலாபம் 3,300 ரூபா. இதில் மூன்றிலொரு பங்கு, 1,100 ரூபாவை, ஆள் பிடிக்கும் செலவின் எல்லையாக வைப்பது பாதுகாப்பானது. மீதியில்தான் வாடகை, சம்பளம், மின்கட்டணம் எல்லாம்.

இப்போது செலவைப் பாருங்கள். துண்டுப்பிரசுரத்திற்கு 60,000 ரூபா, ஆளுக்கு 600. முதல் வாரம் அரை விலை என்றால் ஐந்து பார்சலுக்கு 1,250. இந்தக் கழிவைச் செலவாக எழுதாமல் விடுவோரே அதிகம். மொத்தம் 1,850 ரூபா. எல்லையைத் தாண்டிவிட்டது. போட்ட பணம் மூன்றாம் மாதத்தில்தான் திரும்புகிறது. அதுவரை கைமுதல் வேண்டும்.

அமெரிக்காவில் சமையல் பொருட்களைப் பெட்டியில் அனுப்பிய புளூ ஏப்ரன் நிறுவனம், 2017இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது, ஒரு வாடிக்கையாளரைச் சேர்க்க 94 டொலர் ஆவதாகக் கூறியது. 2014 முதல் செய்த விளம்பரச் செலவை அக்காலத்தில் சேர்ந்த அனைவருக்கும் பங்கிட்ட சராசரி அது. விட்டுப் போனவர்களும் அதில் அடக்கம். அவ்வருட ஆரம்பத்தில் 10 இலட்சத்துக்கு மேலிருந்த வாடிக்கையாளர் தொகை, வருட இறுதியில் ஏழரை இலட்சத்திற்கும் கீழே இறங்கியது. 2023இல் அது வேறொரு நிறுவனத்திடம் விலைபோனது.

ஆகவே பழைய சராசரியை நம்பாமல், சென்ற மாதச் செலவைச் சென்ற மாதம் சேர்ந்தவர்களால் மட்டும் வகுத்துப் பாருங்கள். கழிவுக்காக வந்தவர்களையும் நண்பர் சொல்லி வந்தவர்களையும் வெவ்வேறு பக்கத்தில் எழுதுங்கள். எந்தப் பக்கத்தில் இரண்டாம் மாதப் பணம் அதிகம் வருகிறதோ, அடுத்த மாதக் காசை அங்கே போடலாம்.