பொங்கலன்று உருவாகும் கரு: முதல் 13 வாரங்களின் நாட்காட்டி

அண்ணனூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஒரு பெண்ணை மனதில் வைத்துக்கொள்வோம். கல்யாணமாகி ஒரு வருடம். மாதவிலக்கு 28 நாளைக்கு ஒரு முறை தவறாமல் வருகிறது. கடைசியாக வந்த முதல் நாள் ஜனவரி 1. மருத்துவர் கர்ப்ப வாரங்களை எண்ணத் தொடங்குவது இந்த நாளிலிருந்துதான். அன்று கரு எதுவும் கிடையாது. சினைமுட்டை வெளிப்பட்டு விந்தணுவுடன் சேர்வது ஏறக்குறைய ஜனவரி 15, பொங்கல் சமயத்தில். ஆக, கரு உண்டான அன்றே கணக்கில் 2 வாரம் முடிந்துவிடுகிறது. “ஆறு வாரம்” என்று சீட்டில் எழுதியிருந்தால் கருவின் உண்மையான வயது 4 வாரம்தான்.

3-ஆம் வாரத்தில் அந்த ஒற்றை உயிரணு இரண்டாக, நான்காகப் பிரிந்துகொண்டே கருக்குழாய் வழியாக நகர்கிறது. ஜனவரி 21-க்கும் 25-க்கும் நடுவே கருப்பையின் உட்சுவரில் பதிகிறது. பதிந்த பிறகுதான் எச்சிஜி என்ற ஹார்மோன் தாயின் ரத்தத்தில் கலக்கும். வீட்டில் சிறுநீரை விட்டுப் பார்க்கும் பட்டை காட்டுவதும் இதைத்தான். அதனால் ஜனவரி 20-ஆம் தேதி சோதித்துப் பார்த்து ஒரு கோடுதான் வந்தது என்று வருந்துவதில் பொருளில்லை.

ஜனவரி 29 அன்று மாதவிலக்கு வர வேண்டும், வரவில்லை. “நாள் தள்ளிப் போயிருக்கு, இன்னும் ஒரு பத்து நாள் பாப்போம்” என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். அந்தப் பத்து நாளில் உள்ளே நடப்பதைத்தான் முதல் முறை பெற்றோராகப் போகிறவர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

5-ஆம் வாரத்தில் கரு மூன்று அடுக்குள்ள மெல்லிய தட்டாக இருக்கிறது. மேலடுக்கின் நடுப்பகுதி தடித்து, இரு ஓரங்களும் மேலெழும்பி, பாயைச் சுருட்டுவது போல ஒன்றையொன்று நோக்கி வளைந்து குழாயாக மூடிக்கொள்கிறது. நரம்புக்குழாய் என்பது இதுதான். பின்னால் மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகப்போவது இதுவே. மூடல் கழுத்துப் பகுதியில் தொடங்கி மேலும் கீழும் பரவுகிறது. தலைப் பக்கத்து வாய் பிப்ரவரி 9 வாக்கிலும், கீழ்ப்பக்கத்து வாய் பிப்ரவரி 12 வாக்கிலும் மூடிவிடும். மேல் வாய் மூடாமல் போனால் மண்டையோடும் மூளையின் பெரும்பகுதியும் உருவாவதில்லை; அந்தக் குழந்தை பிழைக்காது. கீழ் வாய் மூடாவிட்டால் முதுகெலும்பு பிளந்து நரம்புகள் வெளியே தெரியும். கால் அசைவும் சிறுநீர்க் கட்டுப்பாடும் வாழ்நாள் முழுக்கப் பாதிக்கப்படலாம்.

நாள் தள்ளியது தெரிந்ததிலிருந்து குழாய் மூடி முடிய இருந்த அவகாசம் வெறும் இரண்டு வாரம். ‘பத்து நாள் பார்த்துவிட்டு’ மருத்துவரிடம் போய் ஃபோலிக் அமில மாத்திரை வாங்கும்போது வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும். பல நாடுகளில் 33 மையங்களில் நடந்த ஆய்வு ஒன்று 1991-இல் வெளியானது. ஏற்கெனவே நரம்புக்குழாய்க் குறையுள்ள குழந்தையைச் சுமந்த தாய்மார்கள் அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்தபோது, குறை மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. மற்ற பெண்களுக்கு நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் போதும். கரு உண்டாவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். வலிப்பு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அளவு வேறாகலாம் என்பதால் அவர்கள் முன்கூட்டியே மருத்துவரைப் பார்ப்பது கட்டாயம். கீரையில் ஃபோலேட் இருக்கிறது, ஆனால் கொதிக்க வைக்கும்போது நிறையப் போய்விடுகிறது. கீரையை மட்டும் நம்பி மாத்திரையை விட்டுவிடக் கூடாது.

இதே நாட்களில், பிப்ரவரி 6 வாக்கில், இதயமாகப் போகும் சிறு குழல் துடிக்கத் தொடங்குகிறது. 6 வாரம் முடியும்போது கருவின் நீளம் 4, 5 மில்லிமீட்டர். 7 வாரத்தில் 1 சென்டிமீட்டர். கை கால்கள் துடுப்பு போன்ற மொட்டுகளாகத் தெரியும். ஸ்கேனில் துடிப்பைக் காண இதுவே நல்ல நேரம்.

அநாவசியமான பயம் அதிகம் கிளம்புவதும் இங்கேதான். நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள இன்னொரு பெண்ணுக்கு மாதவிலக்கு 40 நாளைக்கு ஒருமுறைதான். அவளுக்கும் கடைசி மாதவிலக்கு ஜனவரி 1 என்றால், முட்டை வெளிப்படுவது ஏறக்குறைய ஜனவரி 27-இல். பிப்ரவரி 19 அன்று சீட்டில் 7 வாரம் என்றிருக்கும். முட்டை தாமதமாக வந்ததைக் கணக்கில் எடுத்தால் கர்ப்பத்துக்கு 5 வாரமும் 2 நாளும்தான். ஸ்கேனில் கருப்பையும் அதனுள் சின்ன வளையமும் தெரியும், துடிப்பு தெரியாது. “துடிப்பு இல்லை” என்ற சொல்லைக் கேட்டு அன்றே முடிவெடுத்துவிடக் கூடாது. கருவின் நீளம் 7 மில்லிமீட்டரை எட்டிய பிறகும் உள்வழி ஸ்கேனில் துடிப்பு காணாவிட்டால்தான் கரு நின்றுவிட்டது என்று சொல்ல முடியும். அதற்கும் குறைவென்றால் ஒரு வாரம், பத்து நாள் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும். இந்தப் பெண்ணுக்கு மார்ச் 5-இல் பார்த்தால் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலான கருவும் துடிப்பும் தெரியும். பிரசவத் தேதியும் அக்டோபர் 8 அல்ல, அக்டோபர் 20 என்று திருத்தப்படும். உச்சந்தலையிலிருந்து புட்டம் வரையிலான நீளம் இந்த வாரங்களில் எல்லாக் கருவுக்கும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்வதால்தான் தேதியை நிர்ணயிக்க முதல் மூன்று மாத ஸ்கேனை நம்புகிறார்கள்.

பொறுத்துப் பார்க்கக் கூடாத ஒன்றும் உண்டு. அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள்பட்டை வலி, மயக்கம் வந்தால் கரு கருக்குழாயிலேயே பதிந்திருக்கலாம். நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

8-ஆம் வாரத்திலிருந்து மசக்கை உச்சத்துக்கு ஏறுகிறது. விரல்களுக்கு நடுவிலுள்ள சவ்வு அணுக்கள் தாமாகவே மடிந்து, விரல்கள் தனித்தனியாகப் பிரிகின்றன. குடல் வளரும் வேகத்துக்கு வயிற்றில் இடம் போதாமல் அது தொப்புள்கொடிக்குள் இறங்கி, 12-ஆம் வாரத்தில் திரும்ப உள்ளே வருகிறது. 9 வார ஸ்கேனில் தெரியும் அந்தப் புடைப்பு குறையல்ல.

11-ஆம் வார வாக்கில் கருவின் கணையம் இன்சுலின் சுரக்கத் தொடங்குகிறது. தாயின் ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக இருந்தால் குழந்தையின் கணையமும் கூடுதலாக வேலை செய்யும். சென்னையின் சர்க்கரை நோய் நிபுணர் வி. சேஷய்யா, ஆறாம் மாதம் வரை காத்திருக்காமல் தொடக்கத்திலேயே பரிசோதிக்க வேண்டுமென்று வற்புறுத்தியதற்கு இதுவும் காரணம். கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்று 2007-இல் தமிழக அரசு ஆணையிட்டதில் அவர் பங்கு பெரிது. முன்பே சர்க்கரை உள்ளவர்களுக்கோ கவலை இன்னும் முந்தியது. அவர்களின் கருவில் இதயமும் நரம்புக்குழாயும் உருவாகும் அந்த 5, 6 வாரங்களிலேயே சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும்.

இந்த மூன்று மாதங்களில் கரு கலைந்துவிட்டால் பப்பாளி, பயணம், கண்ணூறு என்று காரணம் தேடுகிறார்கள். தொடக்கக் கருச்சிதைவுகளில் பாதி அளவு குரோமோசோம் எண்ணிக்கை தவறியதால் நேர்கிறவை. அது கரு சேரும்போதே தீர்மானமாகிவிடுகிறது. அந்தப் பெண் செய்த எதுவும் அதற்குக் காரணமல்ல.

நம் அண்ணனூர்ப் பெண் மார்ச் 26-க்குள், அதாவது 12 வாரத்துக்குள், அரசு சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்து பிக்மி எண் வாங்கிவிட வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கும் அது தேவை. மார்ச் 19 முதல் ஏப்ரல் 8 வரை என்டி ஸ்கேன் எடுக்கலாம். குழந்தையின் நீளம் 45-லிருந்து 84 மில்லிமீட்டருக்குள் இருக்கும்போதுதான் பிடரியில் தேங்கும் நீரின் தடிமனைச் சரியாக அளக்க முடியும். தடிமன் கூடினால் டவுன் சிண்ட்ரோம் முதலானவற்றுக்கு அடுத்த கட்டப் பரிசோதனை தேவை என்பதே பொருள். குறை உறுதியாகிவிட்டது என்பதல்ல. மண்டையோடு மூடியிருக்கிறதா என்பதும் இந்த ஸ்கேனில் தெரிந்துவிடும். பிப்ரவரி 9 வாக்கில் மேல் வாய் மூடியதா என்ற கேள்விக்குக் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் முதல் தெளிவான விடை அது.