காய்ச்சல் இறங்கிடுச்சு... சரி, நாடித்துடிப்பு? டெங்கி நோயாளியின் சார்ட்டைப் படிப்பது எப்படி?

டெங்கியால் மருத்துவமனையில் இருக்கும் அண்ணனின் படுக்கையருகே உள்ள சார்ட்டைப் படமெடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அம்மா அனுப்புகிறார். "காய்ச்சல் விட்டுடுச்சு! இனி பயமில்ல." உண்மையாகவே பயமில்லையா?

டெங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் கவனமாக இருக்கவேண்டிய நேரம். பெரும்பாலும் அது 3ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் இடையில் வரும்.

முதலில் படத்தைச் சரிபாருங்கள்

சாய்வாக எடுத்த படத்தில் நேர்க்கோடுகூட ஏறுவதுபோலத் தெரியும். அதனால் கோட்டின் சாய்வை நம்பாமல், ஒவ்வொரு புள்ளிக்கும் நேராக இடது ஓரத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். மேலே உள்ள நேரத்தையும் பாருங்கள். கட்டங்கள் ஒரே அளவில் இருந்தாலும் ஒன்று 4 மணி நேரமாகவும் அடுத்தது 2 மணி நேரமாகவும் இருக்கலாம். ஓரம் வெட்டுப்பட்டிருந்தால் மறுபடியும் படம் கேளுங்கள்.

மூன்றையும் சேர்த்துப் படியுங்கள்

அண்ணனின் சார்ட் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

- இரவு 8 மணி: காய்ச்சல் 39.4, நாடித்துடிப்பு 96, ரத்த அழுத்தம் 118/76
- நள்ளிரவு 12 மணி: 38.2, 98, 114/80
- அதிகாலை 4 மணி: 37.3, 110, 108/84
- காலை 6 மணி: 37.0, 118, 104/84

பொதுவாகக் காய்ச்சல் ஒரு டிகிரி இறங்கினால் நாடித்துடிப்பும் ஏறக்குறைய 10 குறையும். இங்கே அது ஏறுகிறது. இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு எதிரெதிர்த் திசையில் போகின்றன.

அடுத்து ரத்த அழுத்தம். 104 என்ற மேல் எண்ணை மட்டும் பார்த்தால் "நல்லாத்தானே இருக்கு" என்று தோன்றும். ஆனால் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிடுங்கள்: 42, 34, 24, 20. இடைவெளி 20 அல்லது அதற்கும் கீழே போனால், டெங்கியில் அது அதிர்ச்சிநிலையின் அறிகுறி.

ஏன் இப்படி?

ரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி வெளியே கசிகிறது. குழாய்க்குள் ரத்தத்தின் அளவு குறைவதால் இதயம் வேகமாகத் துடிக்கிறது. குழாய்களும் இறுகுகின்றன, அதனால் கீழ் எண் ஏறுகிறது. உடல் இப்படிச் சமாளிக்கும்வரை மேல் எண் பெரிதாக விழாது. அது விழும்போது நிலைமை முற்றியிருக்கும்.

என்ன செய்யலாம்?

படம் காலை 6 மணியோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு நடந்தது அதில் இல்லை. ரத்தப் பரிசோதனை முடிவும் இல்லை. ஆகவே குழுவில் விவாதிக்காமல் அம்மாவை உடனே தாதியிடம் கேட்கச் சொல்லுங்கள்: "காய்ச்சல் இறங்குது, ஆனா நாடி ஏறுது. டாக்டர் பார்த்துட்டாரா?" கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

கசிவு பொதுவாக 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். நாடித்துடிப்பு இறங்கி, அந்த இடைவெளி மீண்டும் விரிந்து, அப்படியே நிலைத்தால் "தேறி வர்றாரு" என்று சொல்லலாம்.