2.85 கிராம் குழந்தைகள்

பிறந்த குழந்தையின் எடை 2,500 கிராமுக்குக் குறைவாக இருந்தால் அதை எடை குறைந்த குழந்தை என்கிறோம். உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை இது. இதே எல்லையை 2.5 கிலோ என்றும் சொல்லலாம். பிரசவ வார்டில் இருக்கும் தாதிக்கும் தாய்க்கும் இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு அப்படி இல்லை. அதற்கு 2500 வேறு, 2.5 வேறு. எந்த எண்ணுக்குப் பின்னால் கிராம் நிற்கிறது, எதற்குப் பின்னால் கிலோ நிற்கிறது என்று யாராவது சொல்லித் தராவிட்டால் அதற்குத் தெரியவே தெரியாது.

ஒரே மருத்துவமனையின் பதிவேட்டை மட்டும் வைத்துக் கணக்குப் போடும்வரை இதனால் தொல்லை இல்லை. இரண்டு மூன்று இடங்களிலிருந்து வந்த கோப்புகளை ஒன்றாகச் சேர்க்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஒரு மாவட்டத்தில் 1,000 பிறப்புகள் என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் 900 பெரிய மருத்துவமனையிலிருந்து வருகின்றன. அங்கே எடையைக் கிராமில் பதிகிறார்கள். மீதி 100 ஒரு சிறிய மருத்துவமனையிலிருந்து வருகின்றன. அங்கே கிலோவில் பதிகிறார்கள். இரண்டு கோப்பிலும் அந்த நெடுவரிசையின் தலைப்பு ‘எடை’ என்று மட்டுமே இருக்கிறது. இரண்டு இடத்திலும் குழந்தைகளின் சராசரி எடை 2,850 கிராம். இரண்டு இடத்திலும் நூற்றில் 18 குழந்தைகள் எடை குறைந்தவர்கள். இந்தியாவின் தேசியக் குடும்பநல ஆய்வுகளில் வந்த விகிதமும் ஏறக்குறைய இதுதான்.

இரண்டு கோப்புகளையும் அப்படியே ஒட்டிவிட்டுச் சராசரி எடுத்தால் என்ன வரும்? 900 குழந்தைகளின் சராசரி 2,850. மீதி நூறு பேரின் சராசரி 2.85. மொத்தச் சராசரி 2,565. இந்த எண்ணைப் பார்ப்பவருக்கு எந்தச் சந்தேகமும் வராது. கொஞ்சம் குறைவுதான், ஆனாலும் ஒரு குழந்தையின் எடையாக இருக்கக்கூடிய எண்தான். அறிக்கையில் அச்சாகிவிடும். எடை குறைந்த குழந்தைகளின் விகிதத்தைப் பார்த்தால் நிலைமை வேறு. பெரிய மருத்துவமனையில் 162 பேர். சிறிய மருத்துவமனையின் நூறு குழந்தைகளும் 2,500க்குக் கீழேதான் இருக்கிறார்கள், ஏனென்றால் அவர்களின் எடை இப்போது 2.85 ‘கிராம்’, 3.1 ‘கிராம்’. ஆக மொத்தம் 262 பேர். 18 விழுக்காடு 26.2 ஆகிவிட்டது. அந்தச் சிறிய மருத்துவமனை இருக்கும் வட்டாரத்தில் தாய்மார்களின் ஊட்டம் மோசமாகிவிட்டது என்று யாரோ ஒருவர் காரணம் கண்டுபிடிக்கவும் தொடங்குவார்.

இப்போது இதையே திருப்பிப் போடுங்கள். 990 குழந்தைகளின் எடை கிலோவில், பத்தே பத்துக் குழந்தைகளின் எடை கிராமில். சராசரி 31.3 கிலோ என்று வரும். பிறந்த குழந்தை 31 கிலோ இருக்காது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பிழை உடனே பிடிபடும். ஆனால் விகிதத்தை மட்டும் பார்ப்பவர் ஏமாந்துபோவார். கிராமில் உள்ள பத்து எண்களும் 2.5ஐவிடப் பெரியவை என்பதால் அந்தப் பத்துக் குழந்தைகளும் நல்ல எடையுள்ளவர்கள் பட்டியலில் சேர்ந்துவிடுவார்கள். விகிதம் 18லிருந்து 17.8க்கு இறங்கும், அவ்வளவுதான்.

இந்த இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அவசியம். பெரிய எண்களுக்குள் சின்ன எண்கள் புகுந்தால் சராசரி அதை மறைத்துவிடுகிறது, விகிதம் காட்டிக்கொடுக்கிறது. சின்ன எண்களுக்குள் பெரிய எண்கள் புகுந்தால் சராசரி கத்துகிறது, விகிதம் வாய் திறப்பதில்லை. ஆகவே ‘சராசரி சரியாக இருக்கிறது, தரவு சரிதான்’ என்ற முடிவுக்கு எந்தக் காலத்திலும் வரக்கூடாது. சேர்த்த பிறகு ஒட்டுமொத்தமாகப் பார்ப்பதைவிட, சேர்ப்பதற்கு முன்பே ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகப் பார்ப்பதுதான் முறை. எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, நடுவில் நிற்கும் எண்ணை ஒவ்வொரு கோப்பிலிருந்தும் எடுத்து ஒப்பிட்டால் போதும். ஒன்று 2,860 என்றும் இன்னொன்று 2.84 என்றும் வந்தால் இடையில் ஆயிரம் மடங்கு இருக்கிறது. மனிதக் குழந்தைகளுக்குள் அப்படி ஒரு வேறுபாடு கிடையாது. அது அலகின் வேறுபாடு.

ஆயிரம் மடங்குப் பிழை எடையோடு நிற்பதில்லை. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் தரவுத்தளத்தில் மாடுகளைத் தலையெண்ணிக்கையாகத் தருகிறார்கள், கோழிகளை ஆயிரத்தில் தருகிறார்கள். அலகு பக்கத்து நெடுவரிசையில் தெளிவாகவே இருக்கிறது. தேவையான நெடுவரிசைகளை மட்டும் பொறுக்கி எடுப்பவர்கள் முதலில் கழற்றிவிடுவது அதைத்தான். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாடுகள் 19.25 கோடி, கோழியினங்கள் 85.18 கோடி. இரண்டாவதை ஆயிரத்தில் எழுதி, அலகை மறந்துவிட்டால், கோழிகள் எட்டரை லட்சமாகச் சுருங்கிவிடும்.

மறுபடி குழந்தைகளிடம் வருவோம். கிலோவைக் கிராமாக்க ஆயிரத்தால் பெருக்கினால் போதும் என்று தோன்றும். ஆனால் எந்த வேலையை முதலில் செய்கிறோம் என்பதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. குடும்பநல ஆய்வின் தரவுக் கோப்பில் பிறப்பு எடை m19 என்ற பெயரில் இருக்கும். விளக்கக் குறிப்பு அதைக் கிலோ என்றும் மூன்று தசம இடங்கள் என்றும் சொல்லும். ஆனால் கோப்பைத் திறந்தால் தசமப் புள்ளியே இருக்காது, 2.850 கிலோ என்பது 2850 என்று நிற்கும். அதே நெடுவரிசையில் சில இடங்களில் 9996 என்று இருக்கும். அது பத்துக் கிலோக் குழந்தை இல்லை. பிறந்தபோது எடை பார்க்கவில்லை என்பதற்கான குறியீடு. 9998 என்றால் தாய்க்கு எடை தெரியவில்லை என்று பொருள்.

கிலோவில் உள்ள இன்னொரு கோப்போடு சேர்ப்பதற்காக ஒருவர் m19 முழுவதையும் முதலில் ஆயிரத்தால் வகுத்துவிட்டார் என்று வையுங்கள். 9996 இப்போது 9.996 ஆகிவிட்டது. அடுத்த படியில் 9996 என்று இருப்பதையெல்லாம் நீக்கு என்று கட்டளை கொடுத்தால், நீக்குவதற்கு எதுவும் அகப்படாது. கணினி பிழை என்றும் சொல்லாது. எடையே பார்க்கப்படாத குழந்தைகள் பத்துக் கிலோக் குழந்தைகளாக உள்ளே உட்கார்ந்துகொள்வார்கள். வீட்டில் பிறந்தவர்களும் மருத்துவமனை எட்டாத ஊர்களில் பிறந்தவர்களும்தான் பெரும்பாலும் எடை பார்க்கப்படாதவர்கள். எடை குறைவு எங்கே இருக்கக்கூடும் என்று தேட வேண்டியதும் அங்கேதான். எனவே குறியீடுகளை முதலில் வெற்றிடமாக்க வேண்டும், பிறகுதான் வகுக்க வேண்டும்.

```
df["m19"] = df["m19"].replace([9996, 9998], pd.NA)
df["edai_kilo"] = df["m19"] / 1000
```

இதுவரை பார்த்ததெல்லாம் ஆயிரம் மடங்கு. ஒரு வகையில் அது நல்ல பிழை, ஏனென்றால் இடைவெளி பெரியது. கிலோவில் எழுதிய பிறப்பு எடை பத்தைத் தாண்டாது. கிராமில் எழுதியது முந்நூறுக்குக் கீழே வருவது அரிது. நடுவில் வெட்டவெளி. பத்துக்குக் கீழே இருந்தால் கிலோ என்று வைத்துக்கொண்டு பெருக்கினால் அநேகமாகத் தவறாது. 285 என்று ஓர் எண் அந்த வெட்டவெளிக்குள் வந்தால் மட்டும் நிறுத்த வேண்டும். யாரோ 2.85இல் புள்ளியை விட்டிருக்கலாம். அதை மூலப் பதிவேட்டில் போய்ப் பார்க்க வேண்டும்.

உண்மையிலேயே ஆபத்தானது சிறிய மடங்கு. பவுண்டும் கிலோவும் அப்படிப்பட்ட ஜோடி; இடையில் இருப்பது 2.2 மடங்குதான். அமெரிக்காவில் இன்றும் குடும்பங்கள் பிள்ளையின் எடையைப் பவுண்டு, அவுன்ஸ் கணக்கில்தான் சொல்கின்றன. பவுண்டில் எழுதிய சில வரிசைகள் கிலோ நெடுவரிசைக்குள் புகுந்துவிட்டன என்று கொள்வோம். 6.3 பவுண்டுக் குழந்தை 6.3 கிலோவாகத் தெரியும். அவ்வளவு எடையில் குழந்தை பிறப்பது மிக மிக அரிது என்பதால் சோதனையில் மாட்டும். 5.5 கிலோவுக்கு மேல் இருப்பதெல்லாம் பவுண்டு என்று வைத்து 2.2ஆல் வகுத்துவிடலாம் என்ற யோசனை உடனே வரும். பலரும் அதைத்தான் செய்வார்கள்.

அந்தத் திருத்தம் யாரைக் கைவிடுகிறது என்று பாருங்கள். 4 பவுண்டில் பிறந்த ஒரு குறைமாதக் குழந்தையின் உண்மையான எடை 1.81 கிலோ. நெடுவரிசையில் அது 4.0 என்று நிற்கிறது. நான்கு கிலோக் குழந்தை பிறப்பது வழக்கத்தில் உள்ளதுதான். ஆகவே எந்தச் சோதனையும் அதைப் பிடிக்காது. திருத்தம் நல்ல எடையுள்ள குழந்தைகளை மட்டும் சரிசெய்கிறது. இன்குபேட்டரில் வைத்துக் காப்பாற்ற வேண்டிய குழந்தையைக் கொழுகொழுவென்று பிறந்த குழந்தையாக விட்டுவிடுகிறது. திருத்துவதற்கு முன்பிருந்த தரவில் பிழை கண்ணுக்குத் தெரிந்தது. திருத்திய பிறகு அது தெரியாமல் போய்விட்டது, அதுவும் நாம் எண்ண வேண்டியவர்களிடத்திலேயே. எண்ணைப் பார்த்து அலகை ஊகிப்பது இந்த இடத்தில் செல்லாது. எந்த இடத்திலிருந்து, எந்தப் பதிவேட்டிலிருந்து அந்த வரிசை வந்தது என்பதைக் கொண்டுதான் அலகைத் தீர்மானிக்க முடியும். ஒரு மூலத்தின் வரிசைகள் அத்தனையையும் சேர்த்து மாற்ற வேண்டும், அல்லது ஒன்றையும் தொடக்கூடாது.

மூலத்தின் அலகு எங்கும் எழுதப்படவில்லை என்றால்? அப்போதும் எண்கள் ஒரு தடயத்தை விட்டுவைக்கின்றன. எடை பார்ப்பவர்கள் முழு எண்ணையோ அரையையோ நோக்கியே சாய்வார்கள். கிலோவில் பார்த்தவர்களின் பதிவேட்டில் 2.5, 3.0 என்ற எண்கள் அளவுக்கு மீறிக் குவிந்திருக்கும். பவுண்டில் பார்த்தவர்களிடம் 6, 7 குவியும். பிறகு அதை யாராவது கிராமாக மாற்றியிருந்தாலும் அந்தக் குவியல் அழியாது. 2722, 3175 என்ற விநோதமான இடங்களில் போய் நிற்கும். ஆறு பவுண்டுக்கும் ஏழு பவுண்டுக்கும் சமமான கிராம் அவை. ஒரு கோப்பில் எந்த எண் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தால் அது முதலில் எந்தத் தராசில் பிறந்தது என்று தெரிந்துவிடும். ஆனால் இதற்கு நூற்றுக்கணக்கான வரிசைகள் வேண்டும். இருபது முப்பது பிறப்புகள் மட்டுமே உள்ள கோப்பில் குவியல் தெரியாது.

அவுன்ஸுக்கு இன்னொரு குணம் உண்டு. ஒரு பவுண்டுக்குப் பதினாறு அவுன்ஸ். 6 பவுண்டு 5 அவுன்ஸ் என்பதை 6.5 என்று தட்டிவிட்டால் 2,863 கிராம் குழந்தை 2,948 கிராம் ஆகிவிடும். 85 கிராம் வேறுபாட்டை எந்த வரைபடமும் காட்டாது. பவுண்டையும் அவுன்ஸையும் தனித்தனி நெடுவரிசையில் வைத்திருந்தால் மட்டுமே இது நடக்காது.

பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நெடுவரிசைக்கு ‘எடை’ என்று பெயர் வைக்காதீர்கள். ‘எடை_கிராம்’, ‘எடை_கிலோ’ என்று அலகையும் சேர்த்தே வையுங்கள். பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அதே அலகில் ஏற்றுங்கள். மாற்றிய எடையைப் பக்கத்தில் புதிய நெடுவரிசையாகச் சேருங்கள், பழையதை அழிக்காதீர்கள். கோப்பைப் பெறுபவர்களும் அது எந்த அலகில் எடுக்கப்பட்டது என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே திறந்து சேர்க்க வேண்டும்.