காது அறிந்த தமிழைக் கண் அறிவது

டொரான்டோவிலும் லண்டனிலும் வளர்ந்த தமிழர் பலருக்கு வீட்டுப் பேச்சு புரியும், எழுத்து தெரியாது. வளர்ந்த பிறகு இவர்கள் வாசிக்கக் கற்கும் முறை, தமிழையே புதிதாகக் கற்பவரின் முறையிலிருந்து வேறுபட்டது.

247 எழுத்துகள் என்றதும் மிரளத் தேவையில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, இவற்றோடு உயிர்மெய்க் குறிகள் பிடிபட்டால் பெரும்பகுதி முடிந்தது. கு, டு, து, நு எனக் குறி எழுத்துக்கு எழுத்து மாறும் உகர, ஊகார வரிசைகளை மட்டும் தனியே பழக வேண்டும். ஆங்கிலம் படித்த கண்ணுக்கு இதைவிடப் பெரிய இடறல் ஒன்று உண்டு. 'கே' என்பதில் ஏகாரக் குறி முன்னால் நிற்கிறது; ஒலியோ பின்னால் வருகிறது. 'கோ'வில் குறி இருபுறமும் பிரிந்து நிற்கிறது. கொம்பைக் கண்டதும் நின்றுவிடாமல், அடுத்த எழுத்தையும் சேர்த்தே பார்க்கக் கண் பழக வேண்டும். அகரவரிசையை ஒப்பிப்பது இதற்குச் சான்றாகாது. 'நோடிபை' என்று பொருளற்ற ஒரு கோவையை எழுதிக் காட்டினால், எழுத்து உண்மையில் தெரியுமா என்பது புலப்பட்டுவிடும்.

இதற்கடுத்த கட்டத்தில் காது துணைக்கு வருகிறது. 'பகல்' என்பதிலுள்ள ககரம் 'கல்'லில் உள்ளதுபோல் வன்மையாக ஒலிப்பதில்லை. புதியவர் இதை விதியாகக் கற்க வேண்டும். வீட்டில் தமிழ் கேட்டவரோ முதலில் தவறாக ஒலித்தாலும், சொல் இன்னதென்று உணர்ந்ததும் தாமே திருத்திக்கொள்வார். இப்படித் தானே கண்டறியும் ஒவ்வொரு முறையும் அச்சொல்லின் வடிவம் நினைவில் பதிகிறது என்று உளவியலாளர் டேவிட் ஷேர் 1995இல் விளக்கினார். ஆகவே முதல் பாடங்களில் தோசை, தாத்தா, அடுப்பு போன்ற வாயில் புழங்கும் சொற்களே இருக்க வேண்டும்.

வாக்கியத்துக்கு வந்ததும் அதே காது தடுமாறும். யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் 'அவை பள்ளிக்கூடத்துக்குப் போகினம்' என்று கேட்டு வளர்ந்தவர், 'அவர்கள் பள்ளிக்கூடத்திற்குப் போகிறார்கள்' என்பதை எழுத்தெழுத்தாகச் சரியாகவே படித்தும் பொருள் தெரியாமல் விழிப்பார். எழுத்தறிவில் குறையில்லை, அந்த வடிவம் காதுக்குப் பழக்கமில்லை. 'போகினம்' என்பதே 'போகிறார்கள்' என இணைத்துக் காட்டிவிட்டு, '-கிறார்கள்', '-த்திற்கு' போன்ற விகுதிகளை முழுத் துண்டுகளாகக் காணப் பழக்கினால் நீண்ட சொற்களும் இரண்டு மூன்று பார்வைகளில் அடங்கும்.

சரளம் வருவதற்கு ஒரே சிறு பத்தியைப் பலமுறை உரக்கப் படிப்பது நல்ல வழி. எஸ். ஜே சாமுவேல்ஸ் 1979இல் இதை ஒரு பயிற்சி முறையாக முன்வைத்தார். சொல்லின் நடுவே குரல் நிற்பது குறைந்து, பேச்சின் ஏற்ற இறக்கம் வந்துவிட்டால் பயிற்சி பலிக்கிறது என்று பொருள். 'பல்லி'யைப் 'பள்ளி' என்று படித்தால், முதலெழுத்தைப் பார்த்து ஊகிக்கிறார் என்று கொள்ளலாம். அப்போது வேகத்தைக் குறைத்து, இத்தகைய இணைச் சொற்களை அருகருகே வைத்துப் படிக்கச் செய்ய வேண்டும்.

தாத்தா பாட்டியின் பழைய கடிதங்களைப் படிக்க விரும்புவோருக்கு இன்னும் ஒரு வேலை உண்டு. தமிழ்நாடு அரசின் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணா, றா, னா, லை, னை முதலிய சில எழுத்துகளுக்கு வேறு வடிவங்கள் இருந்தன. அவற்றையும் தனியே கற்க வேண்டும்.