மதிப்பெண் ஒன்று, படம் வேறு!

கேமரன் மலையின் போ தேயிலைத் தோட்டத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் நண்பருக்கு அனுப்புகிறீர்கள். கோப்பு சிறிதாகிப் போய்ச் சேருகிறது. பெரிதாக்கிப் பார்த்தால் தேயிலைச் செடிகள் பச்சைக் களிம்பு பூசியதுபோலத் தெரிகின்றன. எவ்வளவு தரம் குறைந்தது என்பதை எண்ணால் சொல்ல முடியுமா?

கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 (கறுப்பு) முதல் 255 (வெள்ளை) வரை ஓர் எண் உண்டு. இலையும் நிழலும் மாறி மாறி வரும் நான்கு புள்ளிகளை எடுத்துக்கொள்வோம்: 100, 140, 100, 140.

இதற்கு இரண்டு நகல்கள் உள்ளன. முதல் நகல் சற்று வெளிச்சம் கூடியது: 110, 150, 110, 150. இரண்டாம் நகல் மங்கலானது: 110, 130, 110, 130.

பி.எஸ்.என்.ஆர் என்னும் பழைய அளவுகோல், மூலத்துக்கும் நகலுக்கும் உள்ள வேறுபாட்டைப் புள்ளிக்குப் புள்ளி கண்டு, அதன் வர்க்கங்களுக்குச் சராசரி எடுக்கும். இரு நகல்களிலும் எல்லாப் புள்ளிகளும் 10 மாறியுள்ளதால் சராசரி 100.

10 × log₁₀(255² ÷ 100) = 28.1 டெசிபல்

இந்த எண் கூடக் கூடத் தரம் அதிகம். இங்கே இரண்டுக்கும் ஒரே மதிப்பெண்! ஆனால் முதல் நகலில் இலை தெளிவாக இருக்கிறது. இரண்டாம் நகலில் இலைக்கும் நிழலுக்கும் உள்ள வித்தியாசம் 40லிருந்து 20 ஆகப் பாதியாகிவிட்டது.

இக்குறையைத் தீர்க்க, சௌ வாங், ஆலன் போவிக் உள்ளிட்ட நால்வர் 2004இல் எஸ்.எஸ்.ஐ.எம் என்னும் அளவுகோலை வெளியிட்டனர். அது சராசரி ஒளி, ஒளி வேறுபாடு, ஏறி இறங்கும் அமைப்பு ஆகிய மூன்றையும் தனித்தனியே ஒப்பிட்டுப் பெருக்குகிறது. முற்றிலும் ஒத்திருந்தால் விடை 1.

முதல் நகலில் சராசரி ஒளி மட்டுமே 120லிருந்து 130 ஆகியுள்ளது:

(2 × 120 × 130) ÷ (120² + 130²) = 0.997

இரண்டாம் நகலில் சராசரி மாறவில்லை. ஆனால் புள்ளிகள் சராசரியிலிருந்து விலகும் அளவு 20லிருந்து 10 ஆகிவிட்டது:

(2 × 20 × 10) ÷ (20² + 10²) = 0.8

மற்ற பகுதிகள் 1 என்பதால், இவையே இறுதி மதிப்பெண்கள். பூச்சியத்தால் வகுக்க நேராதிருக்க உண்மையான சூத்திரத்தில் சிறு மாறிலிகளையும் கூட்டுவார்கள், அப்போது 0.8 என்பது 0.82 ஆகும். நம் கண் சொல்வதையே இப்போது எண்ணும் சொல்கிறது.

உண்மையில் இக்கணக்கைச் சிறு சிறு சன்னல்களாகப் படம் முழுதும் நகர்த்திச் செய்து சராசரி எடுப்பார்கள். அங்கே ஓர் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. படத்தில் பாதி மலைமூடுபனி என்றால், அந்த வழவழப்பான பகுதி எளிதில் நல்ல மதிப்பெண் பெற்று, செடிகளின் சிதைவை மறைத்துவிடலாம். படம் ஒரே ஒரு புள்ளி பக்கவாட்டில் நகர்ந்தாலோ, கண்ணுக்கு எதுவும் தெரியாதபோதும் இரு மதிப்பெண்களும் சரியும். ஆகவே மதிப்பெண்ணைப் பார்த்தபின், இலைகள் அடர்ந்த பகுதியை மட்டும் வெட்டி எடுத்துத் தனியே கணக்கிட்டுப் பாருங்கள். ஒப்பிட மூலப்படம் வேண்டும், அதை அழித்துவிடாதீர்கள்!